படிக்கும் காலத்தில் விட்ட சம்பளம்: மனித மூலதனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதனைப் போய் மூலதனம் என்று சொல்லலாமா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதே.

இந்தக் கூச்சம் பொருளாதார அறிஞர்களுக்கே இருந்தது. தியோடர் ஷூல்ட்ஸ் 1960-இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைவராகப் பேசியபோது இந்தத் தயக்கத்தைத்தான் முதலில் எடுத்துப் பேசினார். மனிதர்களை விலைக்கு விற்ற காலத்தை மறக்காதவர்கள், மனிதனைச் சொத்துக் கணக்கில் எழுதுவதைக் கேட்டால் முகம் சுளிப்பது இயல்பு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கேரி பெக்கர் 1964-இல் இதே பொருளில் நூல் எழுதியபோது, அதற்கு இந்தப் பெயரை வைக்கலாமா என்று யோசித்துத் தயங்கியதாகப் பிறகு சொன்னார்.

ஆனால் இங்கே மூலதனம் என்று சொல்வது ஆளை அல்ல, அவரிடம் சேர்ந்திருக்கும் திறமையை. வெல்டிங் கற்க வந்த ஒருவரை முதல் வாரத்தில் பாருங்கள். இரும்பின் மேல் அவர் போடும் கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் ஓட்டை விழுந்து, புழு நெளிந்த மாதிரி இருக்கும். கைக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி அவருக்குப் பிடிபடவில்லை. ஆறு மாதம் கழித்து அதே கை ஒரே வேகத்தில் நகர்கிறது. கோடு சீராக, அடுக்கி வைத்த காசுகள்போல விழுகிறது. இரும்பும் கருவியும் அன்று இருந்தவைதான். மாறியது அந்தக் கை. நேரமும் பணமும் கொடுத்து அந்த மாற்றத்தை வாங்கினார், அது இனிப் பல வருடம் சம்பாதித்துத் தரும். அதனால்தான் அதை மூலதனம் என்கிறார்கள்.

இயந்திரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இயந்திரத்தைக் கழற்றி விற்கலாம், அடகு வைக்கலாம். கையில் ஏறிய திறமையை அப்படிப் பிரித்து எடுக்க முடியாது. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

சரி, செலவு என்று சொன்னால் போதாதா? முதலீடு என்று ஏன் சொல்ல வேண்டும்?

செலவு செய்யும் நாளும் பலன் வரும் நாளும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதுதான் அளவுகோல். சாப்பாடு இன்றைய பசியை இன்றே தீர்க்கிறது. படிப்பில் இன்று போட்டது நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. ஷூல்ட்ஸுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாட்டின் உற்பத்தி எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்து, நிலம், இயந்திரம், உழைத்த மணிநேரம் மூன்றும் வளர்ந்த அளவைக் கழித்தால், பெரிய மீதி ஒன்று நின்றது. எங்கிருந்து வந்தது அது? உழைப்பவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் கூடியிருந்தன, கணக்கில் மட்டும் அது ஏறவில்லை என்றார் அவர்.

ஒரு படிப்பு லாபமா நட்டமா என்று நிஜமாகவே கணக்குப் போட முடியுமா?

முடியும். கால்குலேட்டர் போதும். எல்லா ஊருக்கும் பொருந்தட்டும் என்று பணத்தை ‘அலகு’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

18 வயதில் பள்ளி முடித்த ஒருத்தி. இன்றே வேலைக்குப் போனால் வருடத்துக்கு 100 அலகு கிடைக்கும். இரண்டு வருடத் தொழிற்பயிற்சி ஒன்று இருக்கிறது. கட்டணம் வருடத்துக்கு 40 அலகு. முடித்தால் வருடத்துக்கு 130 அலகு சம்பளம். 60 வயது வரை வேலை செய்வாள் என்று வைப்போம்.

பெரும்பாலோர் செலவை 80 என்று எழுதுவார்கள், இரண்டு வருடக் கட்டணம். இங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. அந்த இரண்டு வருடம் அவள் வேலைக்குப் போயிருந்தால் 200 அலகு கையில் வந்திருக்கும். அதை விட்டுவிட்டுத்தான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஆக உண்மையான செலவு 280. கட்டண ரசீதில் இருக்கும் தொகையைவிட, எந்த ரசீதிலும் வராத தொகை இரண்டரை மடங்கு பெரியது. இதைப் பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்பார்கள். விட்ட சம்பளம் என்றாலே விளங்கிவிடும்.

வரவு? வருடத்துக்கு 30 அலகு கூடுதல், 40 வருடத்துக்கு, மொத்தம் 1,200. 280 போட்டு 1,200 எடுப்பது கொழுத்த லாபமாகத் தெரியும். அவசரப்பட வேண்டாம். இன்று கையில் இருக்கும் 30 அலகும் 20 வருடம் கழித்து வரும் 30 அலகும் ஒன்றல்ல. 10 சதவீத வட்டி என்று எடுத்துக்கொண்டால், இருபதாம் வருடத்தில் வரும் 30-இன் இன்றைய மதிப்பு நாலரை அலகுதான். நாற்பதாம் வருடத்தில் வருவது முக்கால் அலகுகூடத் தேறாது. இப்படி ஒவ்வொரு வருடத்தையும் இன்றைய மதிப்புக்கு இறக்கிக் கூட்டினால், வரவு சுமார் 267 வருகிறது. செலவில் இரண்டாவது வருடத்தையும் அதே மாதிரி இறக்கினால் அதுவும் சுமார் 267. இரண்டும் ஒட்டி நிற்கின்றன.

அதாவது இந்தப் பயிற்சியின் வருவாய் விகிதம் கிட்டத்தட்ட 10 சதவீதம். 8 சதவீத வட்டியில் கடன் கிடைத்தால் படிக்கலாம், அறுபது அலகுக்கு மேல் மிச்சம். 12 சதவீதத்தில் வாங்கினால் நாற்பது அலகுக்கு மேல் நட்டம். படிப்பு அதே படிப்பு. லாப நட்டத்தை இங்கே தீர்மானிப்பது கடனின் விலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 10 சதவீதக் கணக்கில், மொத்தப் பலனில் நாலில் மூன்று பங்குக்கு மேல் முதல் 15 வருடச் சம்பளத்திலேயே வந்துவிடுகிறது. படித்து முடித்ததும் இரண்டு மூன்று வருடம் வேலை கிடைக்காமல் போனால் ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். கைநழுவுவது மிக மதிப்புள்ள வருடங்கள்.

அந்த 130 அலகு வேலை கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

யாரும் இல்லை. பயிற்சி முடித்த பத்துப் பேரில் ஏழு பேருக்குத்தான் அந்த வேலை, மீதி மூன்று பேர் பழைய 100 அலகு வேலைக்கே போகிறார்கள் என்று வைப்போம். சராசரிக் கூடுதல் 30-லிருந்து 21 ஆகிறது. வருவாய் விகிதம் 10-லிருந்து 7-க்குக் கீழே இறங்கிவிடுகிறது.

பாதியில் நிற்பது இன்னும் மோசம். நான் ஒரு பயிற்சி மையத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறேன். முதல் பக்கத்தில் முப்பத்தாறு பெயர். நான்காம் மாதத்துப் பக்கத்தில் பெயருக்கு நேரே கோடு கோடாக இழுத்திருந்தார்கள், பதினேழு பேர்தான் மிச்சம். நின்றவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை என்றார் அங்கிருந்த ஆசிரியர். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் சம்பாதிக்கும் ஆள் தேவைப்படும், உடனே பிள்ளை நின்றுவிடும். ஒரு வருடத்தில் நின்றவருக்கு நம் கணக்கில் 140 அலகு போய்விட்டது. பாதிப் படிப்புக்குப் பாதிச் சம்பள உயர்வு கிடைப்பதும் அரிது. அதனால் ஒரு பயிற்சியை எடைபோடும்போது சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். முடித்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, தோற்றவர்களை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்ட கணக்கு.

இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் அப்புறம் படிக்காமல் இருக்க என்ன காரணம்?

விட்ட சம்பளம். மேலே உள்ள உதாரணத்தில் கட்டணத்தை முழுக்க எடுத்துவிட்டாலும் செலவு 280-லிருந்து 200-ஆகத்தான் குறைகிறது. விகிதம் 10-லிருந்து 14 சதவீதமாக ஏறுகிறது, நல்லதுதான். ஆனால் அந்த 200 அலகு இல்லாமல் இரண்டு வருடம் ஓட்ட முடியாத வீட்டுக்கு, 14 சதவீதம் என்பது ஒரு பேச்சே இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை கொண்டுவரும் கூலியில் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்றால், இலவசப் பள்ளிகூட அவர்களுக்கு விலை உயர்ந்ததுதான்.

மெக்சிகோ இதைப் புரிந்துகொண்டு 1997-இல் ப்ரோக்ரேசா என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பும் ஏழைக் குடும்பத்துக்குப் பணம். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், ஏனென்றால் பிள்ளை வளர வளர வெளியே கிடைக்கும் கூலியும் ஏறுகிறது. நடுநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை, அங்கே அவர்கள்தான் அதிகம் நின்றார்கள். விட்ட சம்பளத்தில் ஒரு பகுதியை அரசே ஈடுகட்டியது. பலனும் அந்த வகுப்புகளில்தான் அதிகம் தெரிந்தது.

எனக்கு 48 வயது. இப்போது படித்தால் லாபம் உண்டா?

இரண்டு வருடப் பயிற்சியை அதே எண்களில் போட்டுப் பார்த்தால், பலன் எடுக்க மிச்சம் இருப்பது 10 வருடம். வரவு 300, செலவு 280. வருவாய் விகிதம் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான். அதோடு 48 வயதில் உங்கள் சம்பளம் 100-ஆக இருக்காது, அனுபவத்தால் கூடியிருக்கும். விட்ட சம்பளமும் அதற்கேற்பக் கூடும். ஆக நட்டம்.

ஆனால் இதற்கு அர்த்தம் கற்காதீர்கள் என்பது அல்ல, இரண்டு வருடம் வேலையை விட்டுவிட்டுக் கற்காதீர்கள் என்பது. வேலையில் இருந்துகொண்டே ஆறு வாரத்தில், மாலை நேரத்தில் கற்கக்கூடியது என்றால் செலவு சுருங்கிவிடும், பத்து வருடம் தாராளமாகப் போதும். இருக்கிற வேலையே போகப்போகிறது என்றால் கணக்கு இன்னும் மாறும், விட வேண்டிய சம்பளமே இல்லையே.

படித்தவர்கள் அதிகம் சம்பாதிப்பது படிப்பாலா, அல்லது கெட்டிக்காரர்கள்தான் மேலே படிக்கிறார்களா?

இந்தத் துறையில் மிக அதிகம் சண்டை நடந்த கேள்வி இதுதான். ஜேக்கப் மின்சர் 1974-இல் ஒரு சமன்பாட்டைப் பிரபலமாக்கினார்:

```
ln(w) = a + bS + cX + dX²
```

`w` சம்பளம், `ln` அதன் இயல் மடக்கை, `S` படித்த வருடங்கள், `X` வேலை அனுபவம். `a`, `b`, `c`, `d` நான்கும் தரவிலிருந்து கணித்து எடுக்கும் எண்கள். `b` என்பது ஒரு வருடம் கூடப் படித்தால் சம்பளம் சுமார் எத்தனை பங்கு கூடுகிறது என்பது. உலகம் முழுக்கப் பல நாடுகளில் இதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒரு வருடத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டித்தான் சராசரி வருகிறது. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளையும் சூட்டிகையான பிள்ளையும்தான் மேலே படித்தார்கள் என்றால், அந்த 10-இல் எத்தனை பங்கு படிப்புக்குச் சொந்தம்?

பிரிக்க ஒரு வழி, பிள்ளையின் திறமைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் படிப்பு கூடிய இடத்தைத் தேடுவது. எஸ்தர் டுஃப்லோ 2001-இல் இந்தோனேசியாவை எடுத்துக்கொண்டார். அந்த நாடு எண்ணெய் வருமானம் கொட்டிய காலத்தில், 1973 தொடங்கி ஐந்தாறு வருடத்துக்குள் 61,000-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியது. பிள்ளைகள் பள்ளிக்கு வராத பகுதிகளில் அதிகம், மற்ற இடங்களில் குறைவு. 1974-இல் 2 முதல் 6 வயது வரை இருந்தவர்களுக்கு அந்தப் பள்ளி கிடைத்தது. 12 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்பப் பள்ளி வயதே போய்விட்டது. அதிகம் கட்டிய பகுதியிலும் குறைவாகக் கட்டிய பகுதியிலும், சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உள்ள இடைவெளியை அவர் ஒப்பிட்டார். எந்த ஊரில் எந்த வருடம் பிறந்தோம் என்பதை யாரும் கெட்டிக்காரத்தனத்தால் தேர்ந்தெடுக்கவில்லை அல்லவா?

ஒரு வருடப் படிப்புக்கு 6.8 முதல் 10.6 சதவீதம் வரை சம்பளம் கூடியிருந்தது. கெட்டிக்காரத்தனத்தைக் கழித்த பிறகும் படிப்புக்குச் சொந்தமான பங்கு கணிசமாக நிற்கிறது. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். பள்ளியின் வாசலைக் கிட்டே கொண்டுபோனாலே ஒரு தலைமுறையின் கூலி மாறுகிறது என்பது சின்ன விஷயமா?

சான்றிதழைப் பார்த்துத்தானே வேலை கொடுக்கிறார்கள்? உள்ளே என்ன கற்றோம் என்று யார் பார்க்கிறார்கள்?

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். வேலை கொடுப்பவருக்கு உங்கள் உள்ளே இருக்கும் திறமை தெரியாது. கடினமான படிப்பை முடித்தவர் என்றால் திறமை இருக்கும் என்று அவர் ஊகிக்கிறார். படிப்பு எதையுமே கற்றுத்தராவிட்டாலும், இந்த அடையாளத்துக்காகவே சம்பளம் கூடலாம்.

எவ்வளவு அடையாளம், எவ்வளவு திறமை? கடைசி வருடத்தைப் பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும். நான்கு வருடப் படிப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரே அளவு கற்கிறோம் என்றால், மூன்று வருடம் முடித்து நின்றவருக்கும் முக்கால் பங்கு உயர்வு கிடைக்க வேண்டும். நடைமுறையில் பட்டம் கைக்கு வரும் அந்த வருடத்தில் சம்பளம் தனியாக ஒரு துள்ளு துள்ளுகிறது. அந்தத் துள்ளலில் ஒரு பகுதி காகிதத்தின் விலை. அடையாளம் மட்டும்தான் என்று சொல்லவும் முடியாது. வேலையில் சேர்ந்து சில வருடம் போனால் முதலாளிக்கு ஆளின் தரம் நேரடியாகத் தெரிந்துவிடும், அப்புறமும் படிப்புக்கான கூடுதல் சம்பளம் மறைந்துவிடுவதில்லை. இரண்டும் கலந்தே இருக்கிறது என்பது என் முடிவு, கலவை படிப்புக்குப் படிப்பு மாறும்.

ஒரு பயிற்சி மையம் “எங்களிடம் படித்தவர்களின் சம்பளம் 40% உயர்ந்தது” என்கிறது. நம்பலாமா?

எண் பொய்யாக இல்லாமலேயே அர்த்தம் பொய்யாக இருக்கலாம். மக்கள் எப்போது பயிற்சியில் சேர்கிறார்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் வேலை போனபோது, வேலை நாட்கள் குறைந்தபோது. வழக்கமாக 100 அலகு சம்பாதிப்பவர் ஒரு கெட்ட வருடத்தில் 70-க்கு இறங்குகிறார், பயிற்சியில் சேர்கிறார், அடுத்த வருடம் 98-க்கு வருகிறார். 70-லிருந்து 98, சரியாக 40 சதவீதம். ஆனால் அவர் பழைய நிலைக்கே இன்னும் வரவில்லை. பயிற்சி இல்லாமலேயே அவர் மீண்டிருக்கலாம். ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1978-இல் இதை எடுத்துக்காட்டியதால், சேர்வதற்கு முன் வரும் இந்தச் சரிவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

எனவே மையத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சேர்வதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் அவர்கள் எவ்வளவு சம்பாதித்தார்கள்? விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்கள் இப்போது எவ்வளவு சம்பாதிக்கிறார்கள்? இரண்டாவதுதான் முக்கியம். விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேரை எடுத்திருந்தால், மீதிப் பாதிதான் உண்மையான அளவுகோல். குலுக்கலில் வெளியே நின்றவரும் 95-க்கு வந்துவிட்டார் என்றால், பயிற்சி தந்தது 3 அலகு.

கம்பெனிகள் ஏன் தாங்களே பயிற்சி கொடுக்காமல், அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று கேட்கின்றன?

பெக்கரின் பதில்: கற்பது எங்கேயும் பயன்படும் திறமையா, அந்த ஒரு கம்பெனியில் மட்டும் பயன்படுவதா என்று பாருங்கள். வெல்டிங் எங்கேயும் செல்லும். ஒரு முதலாளி செலவு செய்து கற்றுக்கொடுத்த மறுநாள் பக்கத்து முதலாளி பத்து அலகு கூடக் கொடுத்து ஆளைக் கூட்டிப்போனால், செலவு இவருக்கு, பலன் அவருக்கு. அதனால் பொதுத் திறமைக்கான செலவைக் கடைசியில் கற்பவரே சுமக்கிறார், பயிற்சிக் காலத்தில் குறைந்த கூலி வாங்கிக்கொண்டு. அந்தக் கம்பெனியின் சொந்த இயந்திரத்தை இயக்குவது மாதிரியான திறமைக்கு வெளியே விலை இல்லை, அதற்குக் கம்பெனி தயங்காமல் செலவழிக்கும்.

ஆள் சட்டென்று இடம் மாற முடியாத சூழலில் பொதுத் திறமைக்கும் கம்பெனிகள் பணம் போடுவது உண்டு, ஜெர்மனியின் தொழில் பழகுநர் முறை அதற்கு எப்போதும் சொல்லப்படும் உதாரணம். பயிற்சிக்குப் பிறகு இத்தனை வருடம் விலகக் கூடாது என்று கையெழுத்து வாங்குவதும் இதே பயத்தில்தான். கையெழுத்துப் போடுமுன், அவர்கள் கற்றுத்தரப்போவது வெளியே செல்லுபடியாகும் திறமையா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் கட்டுப்பட வேண்டிய காரணமே இல்லை.

வருவாய் இவ்வளவு நன்றாக இருந்தால் வங்கிகள் படிப்புக்குக் கடன் கொடுக்க ஏன் யோசிக்கின்றன?

திறமையை அடகு வைக்க முடியாது என்று மேலே சொன்னது இங்கே வந்து நிற்கிறது. வீட்டுக் கடன் திரும்பாவிட்டால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். படிப்புக் கடன் திரும்பாவிட்டால் எதை எடுப்பது? அதனால் வட்டி கூடுகிறது, அல்லது பெற்றோரின் சொத்தைப் பிணை கேட்கிறார்கள். சொத்து இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. 8 சதவீதத்தில் லாபமும் 12 சதவீதத்தில் நட்டமும் தந்த நம் கணக்கில், அந்த நாலு சதவீத இடைவெளியில் விழுபவர்கள் இவர்கள்தான்.

மில்டன் ஃபிரீட்மன் 1955-இலேயே ஒரு வழி சொன்னார்: தவணையை வருமானத்தோடு இணைத்துவிடலாம், அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் கட்டட்டும். ஆஸ்திரேலியா 1989-இல் இந்த வகையில் பல்கலைக்கழகக் கட்டண முறையைக் கொண்டுவந்தது. படிக்கும்போது கட்ட வேண்டாம், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். வேலை இல்லாத வருடத்தில் தவணை இல்லை. பத்தில் மூன்று பேருக்கு அந்த வேலை கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தை, தனி ஒரு பிள்ளையின் தோளிலிருந்து எடுத்து எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு இது. ஆனால் இந்த முறை நடக்க, ஒவ்வொருவரின் வருமானமும் வரி அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கில் வராத கூலி வேலையில் பெரும்பாலோர் இருக்கும் நாட்டில், யாரிடம் எப்போது பிடிப்பது என்பதிலேயே திட்டம் தடுக்கி விழும்.